கிளையண்ட் "ஆளே வரல" என்கிறார்: எஸ்.இ.ஓ. கட்டுரையில் கோளாறு எங்கே என்று பார்க்கும் வழி

கட்டுரை தளத்தில் ஏறி ஒன்றிரண்டு மாதம் ஆனதும் கிளையண்டிடமிருந்து புகார் வரும். புகார் எப்போதும் எழுத்தின் மேல்தான் விழும்: "இன்னும் நல்லா எழுதியிருக்கலாம்." கோளாறு பெரும்பாலும் எழுத உட்கார்வதற்கு முன்பே நடந்திருக்கும். அதனால் புகாரைக் கேட்டதும் கட்டுரையைத் திறந்து வாக்கியங்களைத் திருத்த ஆரம்பிக்காதீர்கள். எந்தக் கட்டத்தில் கழன்றது என்று முதலில் பாருங்கள்.

ஒரே ஒரு கிளையண்டை வைத்தே சொல்கிறேன். கோயம்புத்தூர்க்காரர், போர்வெல் மோட்டார் விற்பவர், தமிழில் தளம் வைத்திருப்பவர். கீழே வரும் எண்கள் கணக்கு புரிவதற்காக நான் சின்னதாகப் போட்டவை.

வேலைக்கு முன் ஒரு நிபந்தனை: கிளையண்டின் Search Console-ஐப் பார்க்க உங்களுக்கு அனுமதி வேண்டும். `Settings` போய் `Users and permissions`-இல் உங்கள் ஜிமெயிலைச் சேர்க்கச் சொல்லுங்கள். `Restricted` அனுமதியே போதும். இது இல்லாமல் கீழே சொல்லும் எதையும் பார்க்க முடியாது. அனுமதி தர மறுக்கும் கிளையண்டுக்கு ரிசல்ட் ரிப்போர்ட் தருவதாக ஒப்புக்கொள்ளவே கூடாது என்பது என் கட்சி.

"கூகுள்ல தேடினா நம்ம கட்டுரையே காணோம்"

அவர் என்ன டைப் செய்து தேடினார் என்று கேளுங்கள். பலர் தலைப்பை அப்படியே அடித்துப் பார்ப்பார்கள். சிலர் "மோட்டார்" என்று ஒற்றைச் சொல்லை அடிப்பார்கள். அவர் போனில் வருவது உங்கள் போனில் வராது. ஊருக்கும் முன்பு தேடியதற்கும் ஏற்ப முடிவுகள் மாறும். ஆகவே இந்தத் தேடலை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

Search Console-இன் மேலே இருக்கும் `URL Inspection` பெட்டியில் கட்டுரையின் முகவரியை ஒட்டுங்கள். `URL is on Google` என்று வந்தால் கட்டுரை உள்ளே இருக்கிறது, அடுத்த புகாருக்குப் போகலாம். `URL is not on Google` என்றால் காரணமும் அங்கேயே எழுதியிருக்கும்.

`Excluded by 'noindex' tag` என்று இருந்தால் உங்கள் மேல் தப்பே இல்லை. வேர்ட்பிரஸ் தளம் என்றால் `Settings`, `Reading` பக்கத்தில் `Discourage search engines from indexing this site` என்ற பெட்டி டிக் ஆகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தளம் கட்டும்போது டெவலப்பர் போட்ட டிக்கை எடுக்க மறந்திருப்பார். `Discovered - currently not indexed` என்றால் கூகுளுக்கு முகவரி தெரியும், இன்னும் வந்து படிக்கவில்லை. தளத்தின் முகப்பிலிருந்தோ, நன்றாக ஓடும் வேறொரு பக்கத்திலிருந்தோ இந்தக் கட்டுரைக்கு லிங்க் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம்.

`Crawled - currently not indexed` என்று வந்தால்தான் கவலைப்பட வேண்டும். வந்தது, படித்தது, எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டது என்று பொருள். தினமும் `Request Indexing` அழுத்துவதால் வேகம் கூடாது என்று கூகுளே சொல்கிறது. இந்த நிலைக்கு நான் முதலில் சந்தேகப்படுவது, ஏற்கெனவே பத்துத் தளங்களில் இருப்பதையே இந்தக் கட்டுரையும் சொல்கிறதா என்பதை. அப்படியானால் மருந்து கீழே காப்பி பற்றிய பகுதியில் இருக்கிறது.

"இம்ப்ரெஷன் ஏறுது, கிளிக் இல்ல"

அடிக்கடி வருவதும், சரியாகப் பார்த்தால் அதிகம் கற்றுத்தருவதும் இதுதான்.

நம் மோட்டார்க்காரர் தளத்தில் "சிறந்த போர்வெல் மோட்டார்: முழு வழிகாட்டி" என்று ஒரு கட்டுரை. மாதம் ஆயிரம் இம்ப்ரெஷன், நான்கு கிளிக். தலைப்பை மாற்றினால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன் `Performance` ரிப்போர்ட்டில் `Pages` போய் இந்தக் கட்டுரையைத் தேர்ந்தெடுத்து, பிறகு `Queries` தாவலுக்கு வாருங்கள். இந்தப் பக்கம் எந்தெந்தத் தேடலுக்குக் காட்டப்பட்டது என்று வரிசையாக வரும். கூடவே `Average position`-ஐயும் டிக் செய்துகொள்ளுங்கள்.

பட்டியல் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். `1 hp borewell motor price` என்பதற்கு 600 இம்ப்ரெஷன், இடம் 14. `borewell motor running but no water` என்பதற்கு 250, இடம் 9. மிச்சம் எல்லாம் துண்டு துக்கடா.

முதல் தேடலை எடுங்கள். அதை நீங்களே இன்காக்னிட்டோ விண்டோவில் அடித்து, முதல் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். வரிசையாக இண்டியாமார்ட், அமேசான், மோட்டார் கம்பெனிகளின் விலைப் பக்கங்கள். அதாவது தேடுகிறவருக்கு வேண்டியது விலை. நம் கட்டுரையில் ஒரு விலைகூட இல்லை. இங்கே தலைப்பை எவ்வளவு சுவாரசியமாக மாற்றினாலும் பயன் இல்லை. அந்தத் தேடல் கட்டுரைக்கு உரியதே அல்ல. கிளையண்டின் பொருள் பக்கத்தில் ஹெச்பி வாரியாக விலை போட்டால் அந்தப் பக்கம் பிடிக்கலாம். கட்டுரை எழுதுகிறவர் இதைச் சொன்னால் தன் வேலையே போய்விடுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். சொல்லுங்கள்; அடுத்த கட்டுரையும் உங்களிடம்தான் வரும்.

இரண்டாவது தேடல் வேறு ஜாதி. முதல் பக்கத்தில் வீடியோக்களும் விளக்கக் கட்டுரைகளும் இருக்கின்றன. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை, வீட்டில் குளிக்க வழியில்லை என்று ஒருவர் அவசரத்தில் தேடுகிறார். நம் கட்டுரையில் இதற்கான பதில் பதினேழாவது பத்தியில் இரண்டே வரியில் இருக்கிறது. கூகுள் அதைக் கண்டுபிடித்து ஒன்பதாம் இடத்தில் வைத்திருப்பதே பெரிய விஷயம். தலைப்போ "முழு வழிகாட்டி" என்கிறது. அவசரத்தில் இருப்பவர் அதை ஏன் தொடப் போகிறார்?

ஆக, வைத்தியம் தனிக் கட்டுரை. "போர் மோட்டார் ஓடுது, தண்ணி வரல: என்ன பார்க்கணும்" என்பது தலைப்பு. முதல் பத்தியிலேயே சாத்தியமான காரணங்கள்: தண்ணீர் மட்டம் பம்ப்புக்குக் கீழே போயிருக்கலாம், உள்ளே இறங்கும் பைப்பில் இணைப்பு விட்டிருக்கலாம், த்ரீ ஃபேஸ் மோட்டார் என்றால் ஃபேஸ் மாறித் தலைகீழாகச் சுற்றலாம். பழைய கட்டுரையில் இருக்கும் அந்த இரண்டு வரியிலிருந்து புதிய கட்டுரைக்கு லிங்க் கொடுத்துவிடுங்கள்.

தலைப்பை மட்டும் மாற்றிச் சரியாகும் நேரமும் உண்டு. பக்கம் முதல் நான்கைந்து இடத்துக்குள் இருக்கிறது, தேடலுக்குரிய பதிலும் உள்ளே இருக்கிறது, ஆனாலும் யாரும் தொடவில்லை என்றால் தலைப்பில் கை வையுங்கள். இடம் 14 என்றால் பெரும்பாலோர் அதுவரை வருவதே இல்லை. அங்கே கிளிக் இல்லாதது தலைப்பின் குற்றம் ஆகாது.

ஒரே தேடலுக்கு இடம் ஒரு வாரம் 6, மறு வாரம் 20 என்று ஊஞ்சல் ஆடினால் அந்தத் தேடலை ஃபில்டராக வைத்து `Pages` தாவலைப் பாருங்கள். கிளையண்டின் இரண்டு பக்கங்கள் அங்கே தெரிந்தால், இரண்டும் ஒன்றின் காலை ஒன்று வாருகின்றன. நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை அதற்கே ரீடைரக்ட் செய்யச் சொல்லலாம்.

"டூல்ல இவ்வளவு பேர் தேடுறாங்கன்னு சொன்னீங்களே?"

கூகுள் Keyword Planner-இல் விளம்பரத்துக்குப் பணம் செலவழிக்காத கணக்கு என்றால் `1K – 10K` என்று வீச்சாகத்தான் காட்டும். ஆயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் நடுவே இருக்கும் தூரத்தைக் கிளையண்ட் கவனிக்க மாட்டார். பத்தாயிரம் மட்டும் அவர் மனதில் நிற்கும். கிட்டத்தட்ட ஒரே மாதிரியான சொற்களை அந்த டூல் ஒன்றாகச் சேர்த்து எண்ணும். இடத்தை `Tamil Nadu` என்று மாற்றாவிட்டால் இந்தியா முழுவதற்கும் உள்ள எண்ணிக்கை வந்துவிடும். எண்ணைக் கிளையண்டிடம் சொல்லும்போது இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

தமிழ்த் தளத்துக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. நம் ஆட்கள் ஒரே விஷயத்தை மூன்று விதமாக அடிக்கிறார்கள்: தமிழ் எழுத்தில், ஆங்கிலத்தில், ஆங்கில எழுத்தில் தமிழாக. `motor odudhu thanni varala` என்று அடிப்பவரும் உண்டு, அதையே வேறு ஸ்பெல்லிங்கில் அடிப்பவரும் உண்டு. இவை தனித்தனியாகச் சிதறுவதால் டூலில் எதற்கும் எண் வராது. அதை வைத்துத் தேடலே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. கூகுள் பெட்டியில் பாதி அடித்து நிறுத்தினால் கீழே விழும் பரிந்துரைகளைப் போனில் பாருங்கள். யூட்யூப் தேடலிலும் அப்படியே பாருங்கள். ரிப்பேர் சம்பந்தப்பட்டதென்றால் நம்மவர்கள் நேராக யூட்யூபுக்குத்தான் போகிறார்கள்.

தளம் கொஞ்ச காலம் ஓடியிருந்தால் இதைவிட நல்ல வழி இருக்கிறது. Search Console-இல் `Query` ஃபில்டரில் `Custom (regex)` தேர்ந்தெடுத்து இதைப் போடுங்கள்:

```
[அ-ஹ]
```

தமிழ் எழுத்தில் வந்த தேடல்கள் மட்டும் நிற்கும். `Doesn't match regex` என்று திருப்பினால் மற்றவை வரும். இரண்டையும் ஒப்பிட்டால் வாசகர் எப்படித் தேடுகிறார் என்பது அந்தத் தளத்துக்கே உரிய ஆதாரத்தோடு தெரிந்துவிடும். அதற்காக ஆங்கில எழுத்தில் தமிழ்க் கட்டுரை எழுத வேண்டியதில்லை. தமிழ் எழுத்திலேயே, அவர்கள் புழங்கும் சொல்லில் உபதலைப்பு வைத்தால் போதும்: "சப்மெர்சிபிள் மோட்டார் டிரிப் ஆகுது" என்பதுபோல.

"நான் கேட்டது இது இல்லையே"

ப்ரீஃபில் பெரும்பாலும் இருப்பது இவ்வளவுதான்: கீவேர்ட் ஒன்று, 2000 வார்த்தை, கீவேர்ட் பதினைந்து தடவை வரணும், திங்கட்கிழமை வேணும். யார் படிக்கப் போகிறார், படித்துவிட்டு என்ன செய்ய வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்பது எதுவும் இருக்காது. கட்டுரை கைக்கு வந்த பிறகுதான் தனக்கு என்ன வேண்டும் என்றே கிளையண்டுக்குத் தெரிய வரும். அதற்குள் உங்கள் மூன்று நாள் போயிருக்கும்.

வார்த்தை எண்ணிக்கை பற்றி வாதம் வந்தால், தனக்குப் பிடித்த வார்த்தைக் கணக்கு என்று எதுவும் இல்லை என்று கூகுள் தன் வழிகாட்டியில் வெளிப்படையாகவே சொல்லியிருப்பதைக் காட்டுங்கள். ஆனாலும் காசு வார்த்தைக் கணக்கில் என்றால் அந்தப் பேச்சை ஆரம்பத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். தண்ணி வராத மோட்டாருக்கு 900 வார்த்தை போதும் என்றால், மீதிக்கு இரண்டாவது கட்டுரை தருகிறேன் என்று சொல்வது 1100 வார்த்தை இழுப்பதைவிட இருவருக்கும் லாபம்.

எழுத ஆரம்பிக்கும் முன் இப்படி ஒரு மெசேஜ் அனுப்பி, பதில் வந்த பிறகே உட்காருங்கள்:

"அண்ணா, இந்தக் கட்டுரை வீட்டு போர் வெச்சிருக்கறவங்களுக்கு, விவசாயிக்கு இல்லைன்னு எடுத்துக்கறேன். சப்மெர்சிபிள் மட்டும்தான், மோனோபிளாக் வராது. பேனல் போர்டைத் திறந்து பார்க்கச் சொல்ல மாட்டேன், ஷாக் ஆபத்து. அந்த இடத்துல உங்க சர்வீஸ் நம்பர் வரும். வேற கம்பெனி பேர் எதுவும் வராது. உபதலைப்பு அஞ்சும் கீழே இருக்கு. சரின்னா நாளைக்கு ஆரம்பிக்கறேன்."

இதற்கு "ஓகே" என்று ஒரு சொல் வந்தால் போதும். பிறகு "விவசாயிக்கும் சேர்த்து எழுதியிருக்கலாமே" என்று வந்தால் அது திருத்தம் ஆகாது, புது வேலை.

"22 சதவீதம் காப்பின்னு காட்டுது"

சதவீதத்தைப் பார்த்துப் பதற வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். காப்பிஸ்கேப் மாதிரியான டூல்கள் தேடுவது ஒரே மாதிரியான சொல் வரிசையை. ஆகவே ரிப்போர்ட்டைத் திறந்து எந்த வரிகள் மஞ்சளாகியிருக்கின்றன என்று பாருங்கள்.

மாடல் பெயர், ஹெச்பி, வோல்டேஜ் பட்டியல், கிளையண்டின் முகவரியும் உத்தரவாத வாசகமும் மஞ்சளாகியிருந்தால் அதில் குற்றமே இல்லை. கிளையண்டின் சொந்தத் தளத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள், பாதி இறங்கிவிடும். ஒரே தளத்திலிருந்து தொடர்ந்து மூன்று நான்கு வாக்கியங்கள் மஞ்சளானால் அது காப்பிதான். அங்கே "அதிகம்" என்பதை "மிகுதி" என்றும் "உதவும்" என்பதை "துணைபுரியும்" என்றும் மாற்றினால் டூல் ஏமாறும், கட்டுரை அப்படியேதான் இருக்கும். அந்தப் பத்தியையே தூக்கிவிட்டு, விஷயத்தை வேறு இடத்திலிருந்து பெற்று மறுபடி எழுத வேண்டும்.

டூல் பிடிக்காத காப்பி ஒன்று தமிழில் தாராளமாக நடக்கிறது: ஆங்கிலக் கட்டுரையை வரிக்கு வரி தமிழாக்குவது. ரிப்போர்ட் சுழியம் காட்டும். ஆனால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி மொழிபெயர்க்கும் உரிமையும் எழுதியவருடையது. சட்டத்தை விடுங்கள், வேலையே கெட்டுப்போகும். நம் மோட்டார் கட்டுரைக்கு ஒருவர் அப்படித் தமிழாக்கினால் "ஃபுட் வால்வைச் சோதியுங்கள், பம்ப்பில் தண்ணீர் ஊற்றி பிரைம் செய்யுங்கள்" என்று வந்து நிற்கும். மூலக் கட்டுரை தரைக்கு மேலே இருக்கும் பம்ப்பைப் பற்றியது. சப்மெர்சிபிள் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. அதற்கு எங்கே போய்த் தண்ணீர் ஊற்றுவது? ஒரு மெக்கானிக் இதைப் படித்தால் கிளையண்டின் பெயர்தான் சிரிப்பாய்ச் சிரிக்கும். இதுபோன்ற இடறல்தான் தமிழாக்கக் காப்பியைக் காட்டிக்கொடுக்கும். அடுத்தவர் எழுதியதைச் சரிபார்க்கும் வேலை உங்களுக்கு வந்தால், ஊருக்குப் பொருந்தாத பொருளும் அளவும் எங்கே வருகின்றன என்று தேடுங்கள்.

தவிர்க்கும் வழி நீளமானது அல்ல. இரண்டு மூன்று மூலங்களைப் படியுங்கள், குறிப்பேட்டில் விஷயத்தை மட்டும் துண்டு துண்டாக எழுதுங்கள், மூலங்களை மூடிவிடுங்கள், குறிப்பைப் பார்த்து எழுதுங்கள். மூலத்தைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு எழுதினால் எப்பேர்ப்பட்டவருக்கும் அதன் வாக்கிய அமைப்பு ஒட்டிக்கொள்ளும். அதோடு கிளையண்டின் சர்வீஸ் ஆளிடம் போனில் கொஞ்ச நேரம் பேசுங்கள். "கோடையில தண்ணி இறங்கி மோட்டார் டிரையா ஓடும், ஆம்ப்ஸ் மீட்டர்ல முள்ளு கீழ நிக்கும், அதுல கண்டுபிடிச்சுடலாம்" என்று அவர் சொல்கிற ஒரு வரி வேறு எந்தக் கட்டுரையிலும் அந்த மாதிரி இருக்காது. மேலே `Crawled - currently not indexed` என்று நின்ற பக்கத்துக்கும் இதுதான் மருந்து.

கட்டுரையை ஒப்படைக்கும் நாளில் காப்பி ரிப்போர்ட்டைத் தேதியோடு சேமித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொரு தளம் உங்கள் கட்டுரையைத் திருடிப் போட்டு, கிளையண்ட் உங்களையே சந்தேகிக்கும்போது அது கைகொடுக்கும்.

"ரிப்போர்ட்ல இடம் இறங்கிப் போச்சே!"

கிளிக் கூடியிருக்கிறது, சராசரி இடமோ 4-லிருந்து 19.5-க்குப் போயிருக்கிறது. கிளையண்ட் இரண்டாவது எண்ணைத்தான் பார்ப்பார். கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

ஏப்ரலில் ஒரே தேடல், 100 இம்ப்ரெஷன், இடம் 4. சராசரி 4. மே மாதம் அதே தேடல் 100 இம்ப்ரெஷனோடு இடம் 3-க்கு முன்னேறியது. கூடவே புதிய தேடல் ஒன்றுக்கு 300 தடவை, 25-ஆம் இடத்தில் காட்டப்பட்டது. 100-ஐ 3-ஆல் பெருக்கினால் 300, 300-ஐ 25-ஆல் பெருக்கினால் 7500, கூட்டினால் 7800. மொத்த இம்ப்ரெஷன் 400-ஆல் வகுத்தால் 19.5. பழைய தேடல் முன்னேறியிருக்கிறது, பக்கம் புதிய தேடல்களுக்கும் தெரிய ஆரம்பித்திருக்கிறது, ஆனால் சராசரி படுத்துவிட்டது. ஆகவே முழுத் தளத்தின் சராசரி இடத்தை ரிப்போர்ட்டில் நான் போடுவதே இல்லை. முன்பே பேசி முடிவுசெய்த சில தேடல்களின் இடத்தைத் தனித்தனியாகப் போடுகிறேன்.

தேதியிலும் இடறல் உண்டு. Search Console-இல் கடைசி இரண்டு மூன்று நாள் கணக்கு முழுதாக வந்திருக்காது. மாதக் கடைசியன்றே ரிப்போர்ட் எடுத்தால் குறைவாகத்தான் தெரியும். மோட்டார் தொழிலுக்குக் கோடையில் தேடல் ஏறும், ஐப்பசி மழையில் இறங்கும். அக்டோபரை மே மாதத்தோடு ஒப்பிட்டால் யார் எழுதினாலும் தோல்விதான். போன அக்டோபரோடு ஒப்பிடுங்கள். Search Console 16 மாதக் கணக்கை வைத்திருப்பதால் இது முடியும். அதற்கு முந்தையது வேண்டுமானால் மாதாமாதம் எக்ஸ்போர்ட் செய்துவைக்க வேண்டும்.

தேடல் வரிசையில் இருக்கும் கிளிக்குகளைக் கூட்டினால் மேலே காட்டும் மொத்தத்துக்கு வராது. கணக்கில் கெட்டிக்காரரான கிளையண்ட் இதைக் கண்டுபிடித்து, ஏதோ மறைப்பதாக நினைப்பார். மிகச் சிலரே தேடியவற்றை, தேடியவரின் அந்தரங்கம் கருதி கூகுள் பட்டியலில் காட்டாது. ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரியாக இதை எழுதிவைத்துவிடுங்கள்.

ரிப்போர்ட் ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். நம் மோட்டார்க்காரருக்குப் போவது இப்படி இருக்கும்: "தண்ணி வராத மோட்டார் கட்டுரைக்கு மே மாதம் 40 கிளிக், ஏப்ரலில் 4. முக்கியத் தேடலின் இடம் 9-லிருந்து 5. விலைத் தேடலில் மாற்றம் இல்லை. பொருள் பக்கத்தில் விலை இன்னும் ஏறவில்லை. அடுத்த மாதம் மோட்டார் டிரிப் ஆவது பற்றிய கட்டுரை." விலை ஏற்றாதது அவர் தரப்பு வேலை என்பது அதிலேயே வந்துவிட்டது.

"கிளிக் சரி, போன் வரலையே" என்று அதற்கும் மேல் கேட்டால் கட்டுரையைப் போனில் திறந்து பாருங்கள். சர்வீஸ் நம்பர் அடியில் எங்கோ படமாகக் கிடந்தால் யாரும் தொட்டு அழைக்க முடியாது. அதை `tel:` லிங்க்காக முதல் திரையிலேயே வைக்கச் சொல்லுங்கள். பிறகு சர்வீஸ் வண்டி எந்தெந்த ஊருக்குப் போகும் என்று கேட்டு, அந்த ஊர்ப் பெயர்களைக் கட்டுரையில் சேருங்கள். திருநெல்வேலியில் தண்ணி வராமல் தேடுபவர் படித்துவிட்டுப் போவார். அவரால் கோயம்புத்தூர்க் கடைக்குப் போன் வராது, அதை ரிப்போர்ட்டிலும் எதிர்பார்க்க முடியாது.